விசிறி மடிப்பில் நகர்ந்துபோன கோபுரங்கள்

அக்கா மகளின் பரத உடைக்கு விசிறியை ஒருவழியாக முடித்துவிட்டேன். இரண்டாவது தடவையாக. முதல் தடவை தைத்ததை ஒத்திகைப் படத்துக்குப் போட்டுக்கொண்டு அரைமண்டியில் உட்கார்ந்தாள். நேரில் யாருக்கும் தெரியாத குறை படத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. இடது ஓரத்தில் கரையின் கோபுரம் மடிப்புக்கு நடுவில் இருந்தது. எட்டாவது மடிப்பில் அதன் நுனி மடிப்பு விளிம்பிலேயே விழுந்து, பாதி கோபுரம் உள்ளே போய்விட்டது.

தப்பு டேப்பை நம்பியதில்தான். ஒரு அங்குலம், ஒரு அங்குலமாகக் குறித்து மடித்திருந்தேன். பிரித்து அளந்து பார்த்தால், 15 அங்குலத்தில் 16 கோபுரங்கள்! ஒவ்வொரு மடிப்பிலும் அரை நூல் அளவு தள்ளிக்கொண்டே போய், எட்டு மடிப்பில் அரை அங்குலம் நகர்ந்திருக்கிறது.

இந்தத் தடவை டேப்பைத் தொடவே இல்லை. இரண்டு கோபுரங்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் குண்டூசி குத்தி, அங்கேயே மடித்தேன். ஒரு மடிப்புக்கு ஒரு கோபுரம். நெசவில் ஒன்றிரண்டு கோபுரம் அகலம் குறைந்திருந்தாலும் அந்தப் பிசகு அடுத்த மடிப்புக்குப் போகாது. பள்ளத்திலிருந்து மேலே மடிப்பை ஊடை நூலோடு ஒட்டியே கொண்டுபோக வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் கீழே கரை படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும். நாற்பது மடிப்புக்கு ஒரு முழு சாயங்காலம் போனது.

வெள்ளை நூலில் பெரிய தையலாக ஓட்டி, மேலே மல் துணி போட்டு மிதமான சூட்டில் தேய்த்தேன். பட்டில் நேராகத் தண்ணீர் தெளித்துக் கறை வாங்கிய அனுபவம் ஏற்கெனவே உண்டு. ராத்திரி முழுக்க அதன் மேல் அம்மாவின் அம்மிக்கல்!

புடவை வாங்கிய கடையில் 'சுத்தப் பட்டு' என்றார்கள். ஓரத்து இழையைக் கொளுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி உருண்டது. அதைப் பற்றி இன்னொரு நாள் புலம்புகிறேன். உள்துணி மட்டும் கோடவுன் தெருவில் எடுத்த பருத்தி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இப்போதைய தலைவலி ஒட்டியாணம். விசிறியின் மேல் முனையில் இத்தனை அடுக்கு சேர்ந்ததும் அங்கே துணி தடித்து, பட்டை முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. மேலே தையலுக்குள் போகும் உள்துணியை மட்டும் வெட்டி எடுத்ததில் பாதி அடங்கியது. இடுப்பளவையும் வெறும் இடுப்பில் எடுத்திருந்தேன். உடையைப் போட்டு அரைமண்டியில் உட்கார வைத்து மறுபடி எடுத்தால் ஒன்றரை அங்குலம் கூடுதல். கொக்கியை நகர்த்த வேண்டும்.

மேல் தாவணிக்கு இன்னும் கத்தரிக்கோலே வைக்கவில்லை. அதற்குள் அடுத்த உடைக்கு அரக்கில் மஞ்சள் கரை பார்த்து வைத்தாயிற்று. அதன் கோபுரம் இதைவிடப் பெரிது, எண்ணிவிட்டுத்தான் வாங்குவேன்.