கெடு தாண்டிய பிறகு என் ஸ்கிரிப்ட் என்ன சொல்ல வேண்டும்?

பில் கட்டும் தேதிகளை நினைவூட்ட ஒரு சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். ஒரு சிஎஸ்வி ஃபைலில் பில்களின் பெயரும் கடைசித் தேதியும் இருக்கும். தினமும் காலை ஏழு மணிக்கு கிரான் அதை ஓட்டும், டெலிகிராமில் செய்தி வரும். கெடுவுக்கு 7 நாள், 3 நாள், 1 நாள் முன்பு, அப்புறம் அதே நாள். ஒன்றரை வருடம் நன்றாகவே ஓடியது. கடந்த மார்ச்சில்தான் அதில் இருந்த பெரிய ஓட்டை தெரிந்தது.

மார்ச் 4-ஆம் தேதி வீட்டுக்கு மின் ரீடிங் எடுத்தார்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம், ஆக 24-ஆம் தேதி கடைசி. 21-ஆம் தேதி எனக்கு "eb: 3 நாள் உள்ளது" என்று செய்தி வந்தது. அப்போது ஊரில் ஒரு கல்யாண வேலையில் இருந்தேன், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த இரண்டு செய்திகள் கல்யாண வாட்ஸப் குரூப்புகளுக்கு அடியில் போய்விட்டன. 27-ஆம் தேதி திரும்பி வந்து, எதற்கும் பார்ப்போம் என்று ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டினேன். திரையில் வந்தது இது:

```
eb: 58 நாள் உள்ளது
```

சரி, அப்பா கட்டிவிட்டார் போல என்று நிம்மதியாக மூடிவிட்டேன். அப்பாவோ, "நீதான் ஞாபகப்படுத்த ஏதோ எழுதி வச்சிருக்கியே, நீ கட்டியிருப்பேன்னு நினைச்சேன்" என்றார். இந்தப் பேச்சு நடந்தது 28-ஆம் தேதி மதியம், லைன்மேன் வந்து ஃபியூஸ் கேரியரைக் கழற்றிக்கொண்டு போன பிறகு.

அந்த 58 எங்கிருந்து வந்தது? நானே எழுதிய இந்த இரண்டு வரிகளிலிருந்துதான்:

```python
while due < today:
    due += relativedelta(months=2)
```

ஒவ்வொரு முறையும் தேதியை மாற்றி எழுதச் சோம்பல்பட்டு, கெடு தாண்டியதும் தானே அடுத்த சுற்றுக்கு நகரும்படி வைத்திருந்தேன். மார்ச் 24 முடிந்ததுமே கடைசித் தேதி மே 24 ஆகிவிட்டது, மார்ச் 27-இலிருந்து எண்ணினால் 58 நாள். பில்லைக் கட்டினோமா இல்லையா என்ற கேள்வியை ஸ்கிரிப்ட் கேட்கவே இல்லை. தேதி நகர்ந்ததை நான் பணம் கட்டியதாகப் படித்துக்கொண்டேன். இப்படித் தானாக நகரும் நினைவூட்டல் யார் வைத்திருந்தாலும், ஒரு பில்லின் தேதியை நேற்றைக்கு மாற்றி ஓட்டிப் பாருங்கள். அடுத்த சுற்றின் நாள் கணக்கு வந்தால் உங்களிடமும் இதே ஓட்டை இருக்கிறது.

முதல் வேலையாக அந்த இரண்டு வரிகளை எடுத்துவிட்டு, ஃபைலில் `paid` என்று ஒரு பத்தி சேர்த்தேன். டெலிகிராமில் `ok eb` என்று அனுப்பினால் அதில் அன்றைய தேதி ஏறும், அப்போதுதான் கெடு அடுத்த சுற்றுக்குப் போகும். அதுவரை பழைய தேதி அப்படியே நிற்கும். உடனே அடுத்த கோளாறு வந்தது: "eb: -4 நாள் உள்ளது". கெடுவிலிருந்து இன்றைய தேதியைக் கழித்தால் கெடு தாண்டியதும் மைனஸ் வரத்தான் செய்யும். காலையில் அரைத் தூக்கத்தில் பார்க்கும் கண்ணுக்கு அந்தச் சின்னக் கோடு தெரியாது, 4 மட்டும்தான் தெரியும். இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்றே மனசு படிக்கும். எனவே கெடுவுக்கு முன்பும் பின்பும் ஒரே வாக்கியம் கூடாது என்று பிரித்தேன்:

```python
left = (due - today).days
if left >= 0:
    msg = before(name, left)
else:
    msg = after(name, -left, row)
```

`after` என்ன சொல்ல வேண்டும் என்பதில்தான் நேரம் போனது. முதலில் "eb பில் கட்டவில்லை! 2 நாள் தாமதம்!" என்று எழுதினேன். அந்த அமைப்பில் வந்த முதல் செய்தியே தவறு. அது குடிநீர் வரி. அப்பா கவுண்டரில் போய்க் கட்டி, ரசீதை அலமாரியில் வைத்திருந்தார். நான் செய்தியைப் படித்துவிட்டு அவரிடம் கொஞ்சம் காட்டமாகவே கேட்டுவிட்டேன். அவர் முகம் வாடியது இன்னும் நினைவில் இருக்கிறது. ஸ்கிரிப்டுக்குப் பணம் கட்டியது தெரியாது, நாங்கள் `ok` அனுப்பினோமா என்பது மட்டும்தான் தெரியும். தெரிந்ததை மட்டும் சொல்லட்டும் என்று "கட்டியதாகக் குறிப்பு இல்லை" என மாற்றினேன். ஒரே பில்லை இரண்டு பேரும் கட்டும் ஆபத்தும் இதில் குறைகிறது, ஏனென்றால் முதலில் கேட்கத் தோன்றும்.

அடுத்து, கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பது எல்லா பில்லுக்கும் ஒன்றல்ல. கிரெடிட் கார்டில் 12-ஆம் தேதி கடைசி என்றால், கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போடலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் சொல்லலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதாவது 15-ஆம் தேதிக்குள் கட்டினால் அந்தக் கட்டணம் இல்லை. அதற்காக வட்டியிலும் இந்த 3 நாள் கைகொடுக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. ஆயுள் காப்பீட்டு பிரீமியத்துக்கு மாதத் தவணை என்றால் 15 நாள், காலாண்டு, அரையாண்டு, ஆண்டுத் தவணைகளுக்கு 30 நாள் சலுகைக் காலம் உண்டு, அதுவரை பாலிசி உயிரோடுதான் இருக்கும். இதற்கு நேர்மாறு பைக் இன்ஷூரன்ஸ். கெடு முடிந்த நள்ளிரவோடு பாதுகாப்பும் போய்விடும், சலுகை நாளே கிடையாது. கிளெய்ம் வாங்காததற்கான தள்ளுபடி மட்டும் 90 நாளுக்குள் புதுப்பித்தால் கைவிட்டுப் போகாது.

அதனால் ஒவ்வொரு பில்லுக்கும் இன்னும் இரண்டு பத்திகள் சேர்த்தேன். `limit` என்பது அடுத்து எந்த நாள் முக்கியம் என்பது. `todo` என்பது அன்று காலை எழுந்ததும் செய்ய வேண்டியது, என் கைப்பட எழுதியது. பைக்குக்கு நான் எழுதியிருப்பது இதுதான்:

```
பைக் இன்ஷூரன்ஸ்: கெடு நேற்றோடு முடிந்தது.
புதுப்பித்ததாகக் குறிப்பு இல்லை.
இன்று வண்டியை எடுக்காதே, பஸ்ஸில் போ.
தள்ளுபடி கைவிட்டுப் போகாமல் புதுப்பிக்கக் கடைசி நாள்: 9 ஆகஸ்ட்
```

பணம் கட்டு என்று சொல்வதற்கு முன்பே வண்டியை எடுக்காதே என்று சொல்ல வேண்டிய பில் இது ஒன்றுதான். இதை எழுதும்போதுதான் கெடுவுக்குப் பிந்தைய செய்திக்கு எவ்வளவு யோசனை தேவை என்று புரிந்தது. கெடுவுக்கு முன்பு எல்லா பில்லுக்கும் சொல்வது ஒன்றே: கட்டு.

`limit` தேதியும் தாண்டினால் மூன்றாவது நிலை. காப்பீட்டில் 30 நாளும் போய்விட்டால், "பிரீமியம் கட்டு" என்பது தவறான வழிகாட்டல். பாலிசி காலாவதியாகிவிட்டது, அதைப் புதுப்பிக்க என்ன கேட்பார்கள் என்று கிளையில் போய் விசாரிக்க வேண்டும். அங்கே செய்தி "பாலிசி எண்ணோடு கிளைக்குப் போ" என்று மாறுகிறது.

எத்தனை நாள் சொல்லிக்கொண்டே இருப்பது? தினமும் அனுப்பிப் பார்த்தேன், ஐந்தாம் நாள் கண் தானாகவே தாண்டிப் போனது. இப்போது கெடுவுக்கு மறுநாள், `limit`-க்கு முந்தைய நாள், அப்புறம் வாரம் ஒருமுறை. மின் கட்டணத்துக்கு மட்டும் தினமும், ஃபியூஸை எந்த நாளும் கழற்றலாம் என்பதால்.

செய்தி இப்போது எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்தே போகிறது. போன சுற்றில் கெடுவுக்கு மறுநாள் காலை மின் கட்டணச் செய்தி வந்தது. நான் ஃபோனை எடுப்பதற்குள் அதன் கீழே அப்பாவிடமிருந்து `ok eb`. முந்தின நாள் சாயங்காலமே கட்டிவிட்டாராம், அனுப்பத்தான் மறந்திருக்கிறார்.