மோட்டிவேஷன் லெட்டரைப் படிக்கப்போவது ஒருவர் இல்லை, ஒரு குழு

ஐரோப்பிய ஒன்றியம் முதுகலைப் படிப்புக்குத் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகையில் படித்துவிட்டு வந்ததால், விண்ணப்பிக்கிற ஜூனியர்கள், ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் மோட்டிவேஷன் லெட்டரை எனக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வார்கள். ஆங்கிலம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால், முழுக் கடிதமும் ஒரே ஒரு பேராசிரியரிடம் பேசிக்கொண்டிருக்கும். இந்தப் படிப்புகளைக் குறைந்தது மூன்று நாடுகளின் கல்வி நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகின்றன, தேர்வுக் குழுவிலும் அந்தந்த இடத்து ஆட்கள் இருப்பார்கள்.

ஓர் உதாரணம். நிலத்தடி நீர் பற்றிய கிரவுண்ட்வாட்ச் என்ற படிப்பு போர்ச்சுகலின் லிஸ்பன், நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஜெர்மனியின் டிரெஸ்டன் மூன்றிலும் நடப்பது. அதற்கு ஒரு தம்பி எழுதிய வரைவு "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கியது. அடுத்த வரியிலேயே, கடல்நீர் ஊடுருவல் பற்றிய உங்கள் ஆய்வுகளைப் படித்தேன், உங்கள் ஆய்வகத்தில் சேர விரும்புகிறேன் என்று லிஸ்பன் பேராசிரியர் ஒருவரைக் குறிவைத்து எழுதியிருந்தார். லிஸ்பன்காரருக்கு இது இனிக்கலாம். டெல்ஃப்டிலும் டிரெஸ்டனிலும் இந்தக் கடிதத்தைப் படிக்கிற குழு உறுப்பினருக்கோ, இந்தப் பையனுக்கு எங்கள் ஊர் வெறும் வழித்தங்கல் போலிருக்கிறது, படிப்பு எப்படி நடக்கும் என்றே தெரியாமல் விண்ணப்பித்திருக்கிறான் என்றுதான் தோன்றும்.

விளிப்பை "டியர் மெம்பர்ஸ் ஆஃப் தி செலக்‌ஷன் கமிட்டி" என்று மாற்றினோம். குழு உறுப்பினர்களின் பெயர்கள் இணையதளத்தில் கிடைத்தாலும் வரிசையாக எழுத வேண்டாம். யாரை முதலில் போடுவது என்ற தலைவலி ஒருபுறம், கடைசி நேரத்தில் ஆள் மாறினால் பெயர் விடுபட்டவர் கைக்கே கடிதம் போய்ச் சேரும். "டு ஹூம் இட் மே கன்சர்ன்" சான்றிதழுக்குச் சரி, இங்கே வேண்டாம். ஒருங்கிணைப்பாளருக்குச் சந்தேகம் கேட்டுத் தனியாக மெயில் போடும்போது மட்டும் அவர் பெயரைச் சொல்லியே எழுதலாம்.

விளிப்பை மாற்றியதோடு வேலை முடியவில்லை. உள்ளே "உங்கள் பல்கலைக்கழகம்", "உங்கள் ஆய்வகம்" என்று வந்த இடங்களையெல்லாம் தேடிப் பிடித்து, படிப்பின் பெயரையோ ஊரின் பெயரையோ போட்டோம். லிஸ்பனில் அடிப்படைகள், டெல்ஃப்டில் மாடலிங், டிரெஸ்டனில் காலநிலை மாற்றமும் நீர் மேலாண்மையும் என்று, ஒவ்வோரிடத்திலும் தனக்கு என்ன தேவை என்பதை அவரே ஒவ்வொரு வரியில் எழுதினார். பேராசிரியரின் ஆய்வும் வெளியே போகவில்லை, லிஸ்பன் வரியில் அதற்கும் இடம் கிடைத்தது.

அப்புறம் மதிப்பெண். கடிதத்தில் வெறுமனே "சிஜிபிஏ 8.2" என்று இருந்தது. போர்ச்சுகலில் 20க்கு மதிப்பெண் போடுவார்கள், 10 எடுத்தால்தான் பாஸ். நெதர்லாந்தில் 10க்கு, அங்கே 8 எடுப்பதே பெரிய விஷயம். ஜெர்மனியில் 1.0தான் உச்சம், 4.0க்கு மேல் போனால் ஃபெயில். ஒரே 8.2 மூன்று மேசையில் மூன்று விதமாகத் தெரியும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்தால் புரியத்தான் செய்யும், ஆனால் கடிதத்தைப் படிக்கிற நேரத்தில் எல்லோரும் அதைத் திறந்து வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. "10க்கு 8.2, வகுப்பில் மூன்றாம் இடம்" என்று எழுதிவிட்டால் யாரும் கணக்குப் போட வேண்டியதில்லை.

துறை விஷயத்திலும் இதே கதைதான். நாகப்பட்டினம் கடலோரக் கிணறுகளில் நீரின் மின்கடத்துதிறனை அளந்ததைப் பற்றி ஒரு பத்தி முழுக்க அலகும் கருவியுமாக எழுதியிருந்தார். நிலத்தடி நீர் ஆட்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. குழுவில் காலநிலை மாடலிங் செய்கிறவரும் இருக்கலாம், அவருக்காக "அளவு கூடினால் நீரில் உப்பு ஏறியிருக்கிறது, அந்த நீர் நெல்லுக்கு ஆகாது" என்று அரை வரி சேர்த்தால் போதும். அதற்காக எல்லாவற்றையும் பாடப்புத்தகம் மாதிரி விளக்கப் போனால் துறைக்காரர் சலித்துவிடுவார். அதனால் கருவி விவரத்தைச் சுருக்கி, கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையே கண்ட வித்தியாசத்தை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பொதுவாக விண்ணப்பங்களை ஆளுக்கு ஆள் தனியாகப் படித்து மதிப்பெண் போட்டுவிட்டு, பிறகு கூடிப் பேசுவார்கள். அந்தப் பேச்சில் உங்களுக்காக வாய் திறக்கப்போகிறவர் உங்களை ஒரு வாக்கியத்தில்தான் சொல்வார், அந்த வாக்கியத்தை நீங்களே முதல் பத்தியில் தயாராக வைத்துவிடுவது நல்லது. தம்பியின் முதல் பத்தி, சிறுவயது முதலே தண்ணீர் மீதான ஆர்வம் என்று ஓடியது. அதை எடுத்துவிட்டு, "நாகப்பட்டினக் கடலோரக் கிணறுகள் எந்தப் பருவத்தில் உப்பாகின்றன என்று அளந்தேன், இனி அதை முன்கூட்டியே கணிக்கக் கற்க வேண்டும்" என்று வைத்தோம். யார் வேண்டுமானாலும் கூட்டத்தில் அப்படியே எடுத்துச் சொல்லலாம்.

பரிந்துரைக் கடிதம் தருகிற உங்கள் பேராசிரியர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் பழக்கத்தில் "டியர் சார்" என்று தொடங்குவார்கள், அல்லது வேறொரு மாணவருக்கு எழுதியதில் இருந்த பேராசிரியர் பெயரை மாற்ற மறந்துவிடுவார்கள். படிப்பின் முழுப் பெயர், மூன்று நிறுவனங்களின் பெயர், குழுவை விளிக்கும் வரி, கடைசித் தேதி, இவற்றை ஒரே மெயிலில் அனுப்பிவிட்டால் அவர்களுக்கும் வேலை குறையும்.