தும்மினால் குத்திய விலா

நான் திருநம்பி. மார்பைத் தட்டையாகக் காட்ட முதல் ஏழு மாதம் நான் கட்டியது கிரேப் பேண்டேஜ். மெடிக்கல் ஷாப்பில் "கால் சுளுக்கு" என்று சொல்லி வாங்கியது. காலை ஆறரைக்கு பொள்ளாச்சியில் பஸ் ஏறும்முன் சுற்றினால், கோவையில் கல்லூரி முடிந்து வீடு திரும்பி அவிழ்க்கும்போது இரவு ஏழு. பன்னிரண்டரை மணி நேரம். அப்போது எனக்கு வயது 19.

கிரேப் பேண்டேஜில் ஒரு கோளாறு உண்டு. நடக்க நடக்கச் சரிந்து கயிறு மாதிரி சுருளும். மொத்த அழுத்தமும் அந்த ஒரு வரியில் விலாவில் இறங்கும். மூச்சிழுத்தால் நெஞ்சு விரிய இடம் கொடுக்காது. மே மாத வெயிலில் அதன் அடியில் வேர்க்குரு பழுத்துத் தோல் உரிந்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் தும்மியபோது இடப்பக்க விலாவில் ஊசி இறங்கியதுபோல் இருந்தது. இரவில் அவிழ்த்த பிறகும், அந்தப் பக்கம் புரண்டு படுத்தாலும் வலித்தது.

டாக்டர் நெஞ்செலும்பின் ஓரமாக விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் துள்ளிவிட்டேன். எக்ஸ்ரேயில் முறிவில்லை, விலா எலும்பு குருத்தெலும்போடு சேருமிடத்தில் அழற்சி என்றார். "வலி போறவரைக்கும் எதையும் இறுக்கிக் கட்டாதம்மா." அந்த 'அம்மா'வும் கொஞ்சம் குத்தியது. ஆனால் எதற்குக் கட்டுகிறேன் என்பதை மறைக்காமல் சொன்னதால்தான் சரியான இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

மூன்று வாரம் தளர்ந்த சட்டையும் உள்ளே பனியனுமாக ஓட்டினேன். கூன் போட்டே நடந்தேன். வலி முழுக்கப் போனபிறகு, எனக்குத் தெரிந்த ஒரு திருநம்பி அண்ணன் பைண்டர் என்ற, மார்பைத் தட்டையாக்கும் உள்ளாடை வாங்க உதவினார். டேப்பை வைத்து அளந்துவிட்டு, "ஒரு சைஸ் சின்னதா வாங்கினா இன்னும் தட்டையாகும்னு நினைக்காத தம்பி. இந்த அளவுதான்," என்றார். முன்பக்கம் விரியாத துணி, முதுகுப்பக்கம் விரியும் துணி. போட்டதும் ஆழமாக மூச்சிழுத்துப் பார்க்கச் சொன்னார், குனிந்து ஷூ கட்டச் சொன்னார். இரண்டும் தடையில்லாமல் முடிந்தால்தான் அளவு சரி.

முதல் வாரம் தினம் மூன்று மணி நேரம்தான். இப்போதும் எட்டைத் தாண்டுவதில்லை. பஸ்ஸில் ஸ்போர்ட்ஸ் பிராவும் பெரிய சட்டையும். கல்லூரி கழிவறையில் ஒன்பதுக்குப் பைண்டருக்கு மாறுவேன், நாலரைக்குக் கழற்றிவிடுவேன். கழற்றியதும் நன்றாக மூச்சிழுத்து இரண்டு முறை இருமுவேன். வாலிபால் ஆடும்போதும் தூங்கும்போதும் கிடையாது. ஞாயிறும் புதனும் பைண்டருக்கு விடுமுறை. புதன்கிழமை கல்லூரி இருக்கிறது, அதுதான் கஷ்டமான நாள்.

மூச்சு முட்டினாலோ, விரல் மரத்தாலோ, தலை சுற்றினாலோ வகுப்பு நடுவிலும் எழுந்துபோய்க் கழற்றுவேன். கழற்றியும் மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ அடங்காவிட்டால் நேராக அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று அண்ணன் சொல்லிவைத்திருக்கிறார். அந்த அளவுக்கு இதுவரை போனதில்லை. போன மாதம் ஒரு முறை விலாவில் லேசாகப் பிடித்தது. நான்கு நாள் பைண்டரைத் தொடவில்லை.