நூறு புள்ளித் தாள்: ஓர் எலும்பு மருத்துவரின் நாட்குறிப்பு

9 செப்டம்பர் 2024, திங்கள்

மாலையில் 78 வயது ஆச்சி ஒருவரைக் கொண்டு வந்தார்கள். நேற்று இரவு குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். இடது கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்து முறிந்து நன்றாக விலகியிருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, ஹீமோகுளோபின் 9.6. விழும் வரை ரேஷன் கடைக்குத் தானே நடந்து போய் வந்தவர். நினைவு தெளிவாக இருக்கிறது.

மகன் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். "சார், அம்மாட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், பயந்துருவாங்க. எங்ககிட்ட சொல்லுங்க, நாங்க கையெழுத்து போடுதோம்." அன்பினால் சொல்கிறார், அது தெரிகிறது. ஆனால் சுயநினைவோடு இருக்கும் ஒருவரின் உடம்பைப் பற்றி இன்னொருவர் முடிவெடுக்க முடியாது. 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அங்கே மகள் மயக்கத்தில் இருந்தபோது அம்மா கொடுத்த ஒப்புதலே செல்லவில்லை. சட்டத்தைச் சொல்லி மகனை மிரட்ட எனக்கு மனமில்லை. "அம்மா எவ்வளவு கேட்க விரும்புறாங்கன்னு அவங்ககிட்டயே கேட்போம். வேண்டாம்னு சொன்னா நான் நிறுத்திடுறேன்" என்றேன். ஒப்புக்கொண்டார்.

பேச்சை நாளைக் காலைக்கு வைத்திருக்கிறேன். வலியில் துடிப்பவர் காதில் எதுவும் ஏறாது. மயக்க மருத்துவர் இடுப்பில் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார். அரை மணியில் ஆச்சி கண் அயர்ந்துவிட்டார். அதற்காக நாள் கடத்தவும் முடியாது. இந்த முறிவுக்கு அறுவை என்றால், சேர்ந்த 48 மணி நேரத்துக்குள் முடிப்பது நல்லது. படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நுரையீரலில் சளி கட்டும், முதுகில் புண் வரும்.

10 செப்டம்பர், செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். ஆச்சி, மகன், மருமகள், ஊரிலிருந்து வந்த மகள். மூத்த மகன் துபாயில் இருக்கிறார்.

முதலில் ஆச்சியிடம், "எல்லாத்தையும் விவரமா சொல்லவா, இல்ல பிள்ளைகள்ட்ட மட்டும் சொன்னா போதுமா?" என்று கேட்டேன். "என் காலு தானய்யா, எங்கிட்டயே சொல்லு" என்றார். அடுத்து, "எது இருந்தா உங்களுக்குப் போதும்?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கக்கூசுக்கு நானா போகணும். மருமவ கையில அள்ள வைக்கப்படாது" என்றார். மருமகள் "அத்தே" என்று ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அதன் பிறகு நான் பேசிய எல்லாமே இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான்.

மகனுக்குப் புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாமா என்று ஒரு யோசனை. அதை ஒதுக்கித் தள்ளாமல் படம் வரைந்தேன். தொடை எலும்பின் உச்சியில் இருக்கும் பந்து, அதன் கீழே கழுத்து, கழுத்தை ஒட்டிப் பந்துக்கு ஏறும் சிறிய ரத்தக் குழாய்கள். பிறகு கழுத்தை முறித்து, குழாய்களின் மேல் கோடு கிழித்தேன். விலகிய முறிவில் அவை அறுந்துபோகின்றன. ரத்தம் போகாத பந்து இந்த வயதில் ஒட்டாது. கை எலும்பை வெளியிலிருந்து கட்டி அசையாமல் வைக்கலாம். இடுப்புக்குள் ஆழத்தில் இருக்கும் இந்த இடத்தை எந்தக் கட்டும் பிடித்து நிறுத்தாது. அதனால் நம் முன்னே இரண்டு வழிகள்தான்: உடைந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைப்பது, அல்லது அறுவை இல்லாமல் வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பராமரிப்பது.

ஒவ்வொரு வழிக்கும் ஒரு செங்குத்துக் கோடு போட்டேன். இது அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக அறுவை மருத்துவர்கள் உருவாக்கிய முறை. கோட்டின் உச்சியில் ஒரு நட்சத்திரம், அது நடக்கக்கூடியதில் மிக நல்லது. அடியில் ஒரு பெட்டி, மிக மோசமானது. நடுவில் எங்கேயோ ஒரு வட்டம், இந்த ஆளுக்குப் பெரும்பாலும் நடக்கப்போவது. ஒவ்வொரு குறிக்கும் எண் சொல்லாமல் கதையாகச் சொல்ல வேண்டும்.

அறுவைக் கோட்டின் நட்சத்திரம்: மறுநாளே எழுந்து நிற்பார், மூன்று மாதத்தில் கைத்தடியோடு கடைத்தெரு வரை போவார். பெட்டி: நெஞ்சில் சளி கட்டியோ இதயம் தாங்காமலோ மருத்துவமனையிலேயே இறப்பது. வட்டம்: வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடப்பது, குளிக்க ஒரு ஆள் துணை. அறுவையில்லாக் கோடு குட்டையானது. அதன் நட்சத்திரமே, வலி குறைந்து, இருவர் தூக்கி நாற்காலியில் உட்கார வைப்பதுதான். வட்டம், படுக்கையிலேயே நாளைக் கழிப்பதும் சில வாரங்களிலோ மாதங்களிலோ வரும் முடிவும். அந்த வழியைத் தப்பான வழி என்று நான் சொல்லவில்லை. ஏற்கெனவே படுக்கையோடு இருப்பவருக்கு, மறதி நோய் முற்றியவருக்கு, சில சமயம் அதுதான் கனிவான வழி.

அப்புறம் நூறு புள்ளித் தாள். பத்து வரிசை, வரிசைக்குப் பத்து. "கோலப் புள்ளி மாதிரி இருக்கே" என்று மகள் சொன்னதும் ஆச்சி கண்ணாடி கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார். ஆச்சியைப் போன்ற நூறு பேருக்கு இந்த அறுவையைச் செய்தால், ஒரு மாதத்துக்குள் 5 முதல் 10 பேர் இறந்துபோகிறார்கள். சர்க்கரையும் ரத்தக்குறைவும் இருப்பதால் 10ஐயே எடுத்தேன். கீழ் வரிசையை முழுதாகச் சிவப்பாக்கி, "இந்தப் பத்துப் பேர் போயிடுறாங்க, இந்தத் தொண்ணூறு பேர் இருக்காங்க" என்று இரண்டையும் சொன்னேன். ஒன்றை மட்டும் சொன்னால் கேட்பவர் மனம் அந்தப் பக்கமே சாயும். சிவப்புப் புள்ளிகளைத் தாள் முழுக்க இறைத்து வைத்தாலும் எண்ணிப் பார்க்க முடியாமல் போகும். எந்த ஆபத்தையும் நூறு பேரில்தான் சொல்வேன். "இருபதில் ஒருவர், ஐம்பதில் ஒருவர்" என்று மாற்றி மாற்றிச் சொன்னால், ஐம்பது பெரிய எண் என்பதால் அதுவே பெரிய ஆபத்தாகக் கேட்கும்.

அறுவையில்லாத வழிக்குப் புள்ளித் தாள் போடவில்லை. அந்த வழியில் போனவர்களில் பெரும்பாலோர் முதலிலேயே மிகவும் நலிந்தவர்கள். அவர்களின் எண்ணை இந்த ஆச்சிக்குப் பொருத்தினால் அது பொய்க் கணக்காகிவிடும். இதையும் அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

"புரிஞ்சுதா?" என்று நான் கேட்பதில்லை. யாரிடம் கேட்டாலும் "புரிஞ்சுது சார்" என்றுதான் வரும். மகனிடம், "அண்ணனுக்கு இப்ப போன் போட்டு, நான் சொன்னதை உங்க வாயால சொல்லுங்க. நான் சரியா சொல்லியிருக்கேனான்னு எனக்குத் தெரியணும்" என்றேன். ஸ்பீக்கரில் போட்டார். "அண்ணே, ஆபரேசன் பண்ணுனா நூத்துக்குத் தொண்ணூறு பழையபடி நடந்துருவாங்களாம்."

நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் இடம் இதுதான். பிழைப்பதும் பழையபடி நடப்பதும் கேட்பவர் மனதில் எளிதில் ஒன்றாகிவிடும். திருத்தாமல் இன்னொரு வெற்றுத் தாளை எடுத்தேன். "இது நடக்கிறதுக்கு மட்டும்." ஐந்து வரிசைக்குப் பச்சை அடித்தேன். பிழைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் விழுவதற்கு முன் நடந்த அளவுக்குத் திரும்புகிறார்கள். மற்றவர்களுக்கு முன்பு தேவைப்படாத வாக்கரோ ஆளோ தேவைப்படும். துபாயிலிருந்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ ஆபரேசன் எதுக்கு சார்?" என்றார். அன்று கேட்டதிலேயே நல்ல கேள்வி. அம்மாவுக்கு என்ன வேண்டுமாம் என்று தம்பியையே சொல்லச் சொன்னேன். "கக்கூசுக்குத் தானா போகணுமாம்" என்றார். பாதியாவது நடந்தால் அது கைகூடும், படுக்கையில் கைகூடாது. அதைத் தம்பியே அண்ணனுக்கு விளக்கினார், நான் வாயைத் திறக்கவில்லை.

அப்போது ஆச்சி கேட்டார்: "குத்த வச்சு இருக்க முடியுமா?" முடியாது. தாழ்வாக உட்கார்ந்தால் புதுப் பந்து இடுப்பெலும்புக் கிண்ணத்திலிருந்து நழுவலாம். அவர்கள் வீட்டில் இந்தியக் கழிப்பறை மட்டுமே. ஆச்சியின் ஆசை நிறைவேறுவதே இதில் தொங்குகிறது, ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். உயரமான கழிப்பறை நாற்காலியை அதன்மேல் வைக்கலாம் என்று படம் காட்டினேன். மருமகள் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மயக்க மருந்து பற்றி ஆச்சிக்கு ஒரு பயம்: தூங்க வைத்தால் எழுந்திருக்கவே மாட்டோம் என்று. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும் என்று மயக்க மருத்துவரே வந்து சொன்னார். "அப்ப வெட்டுற சத்தம் கேக்குமா?" கேட்கும், வேண்டுமானால் லேசாகத் தூங்க வைக்கலாம். "கேக்காண்டாம்" என்றார்.

மாலையில் ஆச்சியே கையெழுத்துப் போட்டார்.

11 செப்டம்பர், புதன்

காலையில் ஒரு யூனிட் ரத்தத்தோடு அறுவை முடிந்தது. சிக்கல் ஏதுமில்லை.

13 செப்டம்பர், வெள்ளி

நேற்று இரவு ஆச்சி குழம்பிப்போனார். இறந்துபோன கணவரைக் கூப்பிட்டிருக்கிறார், ஊசிக் குழாயைப் பிடுங்கியிருக்கிறார். இது வரலாம், நூறு பேரில் 25, 30 பேருக்கு வரும், பெரும்பாலும் சில நாளில் தெளியும் என்று மூன்றாவது தாளில் செவ்வாயன்றே காட்டியிருந்தேன். அதனால் மகள் பதறவில்லை. நர்ஸிடம், "டாக்டர் சொன்னது வந்திருக்கு, கண்ணாடியைப் போட்டு விடவா?" என்று கேட்டிருக்கிறார். கண்ணாடி, பழகிய குரல், இரவில் குறைந்த வெளிச்சம், பகலில் விழிப்பு. இவற்றோடு, பின்னணியில் வேறு காரணம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிறுநீர், சோடியம், ஆக்சிஜன் எல்லாம் பார்த்தோம். சோடியம் கொஞ்சம் குறைவு, சரிசெய்கிறோம்.

16 செப்டம்பர், திங்கள்

தெளிந்துவிட்டார். இன்று வீட்டுக்குப் போகிறார். போகும்போது சொல்பவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் போதாது, செய்து காட்டச் சொல்ல வேண்டும். மருமகளிடம், "அத்தையை நாற்காலியிலிருந்து எழுப்பிக் காட்டுங்க" என்றேன். இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கினார். அப்படித் தூக்கினால் ஆச்சி முன்னால் குனிந்து இடுப்பை மடக்குவார். அறுவையான காலை முன்னே நீட்டி, நாற்காலிக் கையை ஊன்றி, ஆச்சி தானாக எழ வேண்டும், கூட இருப்பவர் பக்கத்தில் நின்றால் போதும். மூன்றாம் முறை இருவரும் சரியாகச் செய்தார்கள். எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று மகளைக் கேட்டேன். காய்ச்சல், தையலில் நீர், கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத் திணறல் என்றார். கால் திடீரென்று மறுபடி குட்டையாவதை விட்டுவிட்டார். அதைத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.

25 அக்டோபர், வெள்ளி

வாக்கரோடு உள்ளே வந்தார். வட்டத்துக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறார் என்று மகன் தானாகவே சொன்னார். அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்திருக்கிறார். கழிப்பறைக்கு ஆச்சி தனியாகப் போகிறார், இரவில் மட்டும் மருமகள் விளக்கைப் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறார்.

இனி பேச வேண்டியது எலும்பு மெலிந்து பலவீனமாவதைப் பற்றி. ஒரு பக்கம் முறிந்தவருக்கு மறுபக்கமும் முறியலாம். ஆண்டுக்கு ஒரு முறை போடும் ஊசி பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஆச்சி தடுத்து, "மொதல்ல புள்ளி போடு" என்றார். சிறுநீரக அளவும் வைட்டமின் டி அளவும் வந்த பிறகு அடுத்த வெள்ளிக்கிழமை உட்காருகிறோம்.