விழாத கோடு

மண்டூரில் இருந்து வந்த ஓர் அம்மாவின் பெயருக்கு நேரே நான் "இல்லை" என்று எழுதினேன். மூச்சு முட்டுக்கு வாயால் இழுக்கும் மருந்துப் பம்ப் எடுத்தவரா, எடுக்காதவரா என்று கேட்கும் கட்டம் அது. அவர் பம்ப் எடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அப்படி எழுதிய சில "இல்லை"களால்தான் எங்கள் கணக்கு முழுவதும் கெட்டது என்று விளங்க எனக்குப் பல மாதம் பிடித்தது.

மட்டக்களப்பு மாவட்டத்து வைத்தியசாலை ஒன்றில், மருத்துவ வாட்டில் நான் வேலை செய்த காலம். விறகடுப்புப் புகையாலும் சுருட்டாலும் நெஞ்சு பழுதான முதியவர்கள் முட்டு என்று வந்து படுப்பார்கள். நாங்கள் டிக்கட்டில் சி.ஓ.பி.டி. என்று எழுதுவோம். நெபுலைசர் பிடித்து, மாத்திரை கொடுத்து, மூச்சு கொஞ்சம் இறங்கியதும் துண்டு வெட்டி அனுப்பிவிடுவோம். பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீரொயிட் பம்பை வாட்டில் தொடங்குவதில்லை. கிளினிக்குக்குத் திரும்பி வரும்போது பார்த்து எழுதிக் கொடுப்போம். சிலருக்குக் கொடுப்போம், சிலருக்குக் கொடுக்கமாட்டோம்.

இந்தப் பம்ப் உயிரைக் காக்கிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன். பழைய டிக்கட்டுகளையும் கிளினிக் கொப்பிகளையும் வைத்துக்கொண்டு இரவுகளில் இருந்து பதிந்தேன். நான் வைத்த விதி இதுதான்: துண்டு வெட்டிய நாளில் இருந்து ஒரு வருடம் எண்ணுவது, முதல் 3 மாதத்துக்குள் பம்ப் கிடைத்திருந்தால் "ஆம்", கிடைக்காவிட்டால் "இல்லை". கூட்டிப் பார்த்தபோது பம்ப் எடுத்தவர்களில் இறப்பு மற்றவர்களில் பாதிக்கும் குறைவு. எனக்குக் கை நடுங்கியது. மாதாந்தக் கூட்டத்தில் சொல்ல ஆயத்தமானோம்.

அதற்கு முன், எங்களுக்குப் புள்ளிவிபரம் படிப்பித்த மிஸ்ஸிடம் வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். உயிரோடு இருப்பவர்களின் வீதம் நாளுக்கு நாள் எப்படி இறங்குகிறது என்று காட்டும் இரண்டு கோடுகள். அவர் எண்களைப் பார்க்கவே இல்லை. பம்ப் எடுத்தவர்களின் கோட்டில் இடது ஓரத்தில் விரலை வைத்து, மெல்ல வலப்பக்கம் இழுத்தார்.

"தம்பி, இந்தக் கோடு இவ்வளவு தூரம் ஏன் விழவே இல்லை? துண்டு வெட்டின முதல் கிழமைகளில் ஒருத்தரும் சாகல்லையா?"

"பம்ப் எடுத்த ஆக்கள்தானே மிஸ்."

"முதல் கிழமையில் அவங்க கையில பம்ப் இருந்ததா?"

இல்லை. ஒருவர் கையிலும் இருக்கவில்லை. கிளினிக் நாளே அதற்குப் பிறகுதான். அப்படியென்றால் பம்ப் வாங்கும் முன்னரே அது அவர்களைக் காத்ததா?

பம்ப் வாங்கியவர் என்று ஒருவரை நான் எழுத வேண்டுமென்றால், பம்ப் வாங்கும் நாள் வரை அவர் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். 60ஆம் நாளில் வாங்கியவர் முதல் 60 நாளும் செத்திருக்கவே முடியாது. செத்திருந்தால் என் கொப்பியில் அவர் "இல்லை" பக்கத்தில் இருந்திருப்பார். அந்த 60 நாளைத்தான் சாகாக் காலம் என்கிறார்கள். மருந்து இல்லாமல் கழிந்த அந்த நாட்களை நான் மருந்தின் கணக்கில் வரவு வைத்தேன். அதே நாட்களில் நடந்த இறப்புகளையோ ஒன்று விடாமல் மற்றப் பக்கத்தில் பற்று எழுதினேன்.

மண்டூர் அம்மா அந்தப் பற்றில் ஒருவர். மாரி மழை, வாவி பெருகிக் கிடந்தது. வாட்டை விட்டுப் போகும்போது, "மழை விட்டதும் வாறன் மனே" என்றார். 41ஆம் நாள் வீட்டில் இறந்தார். இருந்திருந்தால் அடுத்த கிளினிக்கில் பம்ப் எழுதியிருப்போம். அவர் "ஆம்" ஆகியிருப்பார். பம்ப் எடுக்காததால் இறந்தவர் என்று அவரை எண்ணினேன். அவரோ, பம்ப் எடுக்கும் நாள் வருமுன் இறந்தவர்.

அன்றிரவு மிஸ் சொன்னபடி ஒரு கற்பனைக் கணக்குப் போட்டேன். இது என் நோயாளிகளின் எண்ணிக்கை இல்லை, விளங்கிக்கொள்வதற்கான எண்கள். பம்பில் வெறும் காற்றுதான் இருக்கிறது, ஒரு பலனும் இல்லை என்று வைப்போம். 200 பேருக்குத் துண்டு வெட்டுகிறோம். கிளினிக் 3 மாதம் கழித்து. அதற்குள் 20 பேர் இறக்கிறார்கள். மிஞ்சிய 180 பேரில் 90 பேருக்குப் பம்ப், 90 பேருக்கு இல்லை. பம்ப் வெறும் காற்று என்பதால் அடுத்த 9 மாதத்தில் இரண்டு பக்கமும் சமமாக 9 பேர் வீதம் இறக்கிறார்கள்.

இப்போது என் பழைய விதிப்படி எண்ணினால், பம்ப் எடுத்தோர் 90, இறப்பு 9, நூற்றுக்கு 10. எடுக்காதோர் 110, இறப்பு 29, நூற்றுக்கு 26. வெறும் காற்று இறப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது! 3ஆம் மாத முடிவில் உயிரோடு இருந்த 180 பேரை மட்டும் எடுத்து, அந்த நாளில் இருந்து எண்ணத் தொடங்கினால் 90க்கு 9, 90க்கு 9. வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இதே நோயில், இதே வகை மருந்தில் உலகமே ஒருமுறை இப்படி வழுக்கியிருக்கிறது என்று அப்புறம் வாசித்தேன். 2001இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 22,000க்கும் மேற்பட்ட முதியவர்களின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வைத்தியசாலையை விட்டுப் போன 90 நாளுக்குள் ஸ்டீரொயிட் பம்ப் வாங்கியவர்களில் இறப்பு 29 வீதம் குறைவு என்றது. என் விதியேதான். 2003இல் மொன்றியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழகத்தின் சமி சுவீசா, மருந்துக்கு முந்திய நாட்களைச் சரியான பக்கத்தில் போட்டால் அந்த நன்மை கரைந்துபோகிறது என்று காட்டினார். 2007இல் வெளிவந்த டோர்ச் என்ற பெரிய சோதனையில், யாருக்கு எது என்று குலுக்கல் முறையில் மருந்து கொடுத்து 3 வருடம் பார்த்தார்கள். ஸ்டீரொயிட் மட்டும் எடுத்தவர்களில் 16.0 வீதம் இறந்தார்கள்; மருந்தே இல்லாத வெறும் பம்ப் எடுத்தவர்களில் 15.2 வீதம். ஸ்டீரொயிட் எடுத்தவர்களில் நியூமோனியாவும் கூடியிருந்தது. நோய் திடீரென முற்றுவதை அது குறைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் நான் தேடியது உயிரை.

திருத்துவது எப்படி என்று கேட்டால், எனக்கு முதலில் தோன்றிய வழி அரைகுறையானது. பம்ப் எடுத்தவர்களை மட்டும் பம்ப் வாங்கிய நாளில் இருந்து எண்ணி, மற்றவர்களைத் துண்டு வெட்டிய நாளில் இருந்தே எண்ணலாம் என்று நினைத்தேன். மிஸ் விடவில்லை. துண்டு வெட்டிய பிறகு வரும் முதல் கிழமைகள்தான் இந்த நோயாளிகளுக்கு மிக ஆபத்தானவை. அந்த ஆபத்தான நாட்கள் ஒரு பக்கத்துக்கு மட்டும் இருந்தால் பழைய பிழையே வேறு வாசலால் உள்ளே வரும். 70ஆம் நாளில் பம்போடு இருப்பவரை, அதே 70ஆம் நாளில் பம்ப் இல்லாமல் இருப்பவரோடுதான் ஒப்பிட வேண்டும். அவர் நாளை பம்ப் வாங்கினால் நாளையில் இருந்து பக்கம் மாறுவார். நேற்றைய நாட்கள் பழைய பக்கத்திலேயே இருக்கும்.

அப்படிச் செய்தபின்னும் ஒரு சந்தேகம் எனக்குத் தீரவில்லை. கிளினிக் வரை நடந்து வரக்கூடியவர், வர முடியாதவரைவிடத் தெம்பானவர்தானே. நாட்களை எவ்வளவு சரியாக அடுக்கினாலும் அந்த வித்தியாசம் போகாது. எங்கள் சின்னப் பதிவில் அதைப் பிரித்துப் பார்க்க வழி இருக்கவில்லை.

கூட்டத்தில் சொல்ல இருந்ததை விலக்கிக்கொண்டோம். திருத்திய கணக்கில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறங்கின. பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த முதல் 3 மாதத்தைத்தான். கிளினிக் நாள் வருமுன் இறந்தவர்களின் டிக்கட்டுகளைத் தனியே எடுத்து அடுக்கினேன். வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இருந்து வந்தவர்கள் அதில் பலர். அந்த அடுக்கைத்தான் கடைசியில் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். முதல் கிளினிக்கை இரண்டு கிழமைக்குள் வைப்பது பற்றி அன்று நெடுநேரம் பேசினோம்.

புதுக் கொப்பியில் ஆம், இல்லை கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் இப்போது பம்ப் கையில் கிடைத்த திகதி. மண்டூர் அம்மாவுக்கு நேரே அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. பக்கத்தில் 41 நாள் என்று இருக்கிறது.