கடித்தது யார்?
டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு மழலையர் பள்ளி, உதவி ஆசிரியை வேலைக்கு இன்று நேர்காணல். நாலு வயதுப் பிள்ளைகளுடன் பத்து நிமிடம் ஏதாவது செய்யச் சொன்னார்கள். ஜாடி மூடிகளை நிறம் பார்த்துப் பிரிக்க வைத்தேன். சின்ன மூடி வேண்டாம், வாயில் போட்டுக்கொள்வார்கள். செய்து காட்டிய பிறகே கையில் கொடுக்க வேண்டும்; முதலிலேயே கொடுத்தால் நாம் பேசுவது யார் காதிலும் விழாது. ஒரு பையன் கிட்டவே வரவில்லை. இழுக்காமல் அவன் பக்கத்தில் நாலு மூடியை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கை நீண்டது.

அப்புறம் கேள்வி: "என் பிள்ளையைக் கடித்தது யார் என்று தாய் கேட்டால்?" பெயர் சொல்லக் கூடாது. எப்போது, எப்படி நடந்தது, காயத்துக்கு என்ன செய்தோம் என்பதைச் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, மற்றதுக்கு வகுப்பு ஆசிரியையிடம் அனுப்புவேன் என்றேன். வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட எழுத மாட்டேன் என்றதும்தான் தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார்.