எத்தனை வயது வரை இருந்தால் எவ்வளவு வட்டி? ஆன்யுட்டி வாங்கும் முன் நான் போட்ட கணக்கு

பணி ஓய்வுக்குப் பின் கையில் வந்த தொகையில் 10 லட்சத்தை ஒரே தவணையாகக் கட்டினால், உயிரோடு இருக்கும் வரை மாதம் 6,000 தரும் ஆன்யுட்டித் திட்டத்துக்கு ஒரு நிறுவனம் எனக்கு மதிப்பீட்டுத் தாள் ஒன்றை அனுப்பியிருந்தது. அப்போது எனக்கு 65 வயது. நான் இறந்தபின் கட்டிய தொகை யாருக்கும் திரும்பாது. மாதத் தொகை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. தாளின் மேற்பகுதியில் 7.2% என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். வங்கி வைப்பைவிட இது மேலாயிற்றே என்று அன்று மாலையே கையெழுத்திட இருந்தேன்.

என்னைத் தடுத்தது ஓர் எளிய கேள்விதான். வைப்புத் தொகைக்கு 7.2% வட்டி என்றால், ஆண்டுக்கு 72,000 வட்டி வந்த பிறகும் அசல் 10 லட்சம் அப்படியே இருக்கும். இங்கோ அசல் என் கையை விட்டுப் போய்விடுகிறது. எனவே எனக்கு வரும் 6,000-இல் ஒரு பகுதி, என் பணமே எனக்குத் திரும்பி வருவதாகும். கட்டிய தொகையை மாதத் தொகையால் வகுத்தால் 166.67 வருகிறது. அதாவது 13 ஆண்டு 11 மாதம் வரை நான் பெறுவது முழுக்க என் அசலுக்குத்தான் சமம். 79 வயதை நெருங்கும்போதுதான் போட்ட பணம் திரும்பியிருக்கும். அதுவரை வட்டி என்று சொல்ல ஒரு காசும் இல்லை. ஆகவே 7.2% என்பது வட்டி விகிதமே அல்ல, ஆண்டுத் தொகையைக் கட்டிய தொகையால் வகுத்த விகிதம், அவ்வளவுதான். தாளில் இருந்தது பொய் இல்லை. நான்தான் அதை வேறொன்றாகப் படித்துவிட்டேன்.

அப்படியானால் உண்மையான ஆண்டு வருவாய் எவ்வளவு? அதற்கு ஒரே விடை கிடையாது, நான் எத்தனை ஆண்டுகள் இருப்பேன் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒரு குறிப்பிட்ட ஆயுளை எடுத்துக்கொண்டு, அத்தனை மாதத் தொகைகளையும் எந்த வட்டி விகிதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டு வந்தால் கூட்டுத்தொகை சரியாக 10 லட்சம் ஆகும் என்று தேட வேண்டும். நிதித் துறையில் இதை ஐ.ஆர்.ஆர். என்பார்கள். ஒவ்வொரு மாதமும் வரும் தொகை ஒன்றாகவே இருப்பதால், எக்செல்லில் 240 வரிசைகளை நிரப்பிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. 20 ஆண்டு ஆயுளுக்கு இந்த ஒரு வரி போதும்.

```
=(1+RATE(240,6000,-1000000))^12-1
```

இந்த வரியை எழுதி முடிப்பதற்குள் நான் இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். முதலில் 1000000-க்கு முன் கழித்தல் குறியை விட்டுவிட்டதால் `#NUM!` என்று வந்தது. நான் கொடுக்கும் பணமும் எனக்கு வரும் பணமும் எதிரெதிர் குறிகளில் இல்லாவிட்டால், கொடுக்காமலே எல்லாம் வருகிறது என்று அந்தச் சூத்திரம் எடுத்துக்கொள்ளும். அதற்கு ஏது வட்டி விகிதம்? குறியைச் சரிசெய்த பிறகு, `RATE` பகுதியை மட்டும் தனியே போட்டுப் பார்த்தபோது விடை 0% என்று தெரிந்தது. அரை மணி நேரம் குழம்பிய பிறகுதான் அது மாத வட்டி என்பதும், உண்மையில் 0.32% என்பதும், தசம இடங்கள் காட்டப்படாததால் சுழியாகத் தோன்றியது என்பதும் புரிந்தன. மாத வட்டியை வெறுமனே 12-ஆல் பெருக்குவதைவிட, மேலே உள்ளபடி 12 மாதக் கூட்டு வட்டியாக மாற்றுவதே சரி. அப்போதுதான் ஆண்டு வட்டியாகச் சொல்லப்படும் மற்ற விகிதங்களோடு ஒப்பிட முடியும். குறுகிய ஆயுளுக்கு விடை சுழிக்குக் கீழே போகும்போது சில சமயம் சூத்திரம் விடை காணாமல் மறுபடியும் `#NUM!` காட்டலாம். தேடலை எங்கிருந்து தொடங்குவது என்பதைச் சொல்லாவிட்டால் அது 10%-இலிருந்து தொடங்குகிறது. கடைசி, அதாவது ஆறாவது இடத்தில் ஊகமாக ஒரு சிறிய எதிர்ம எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விடைகளை வரிசையாகப் பார்த்தபோதுதான் இந்தத் திட்டத்தின் இயல்பு விளங்கியது. 5 ஆண்டுகளில் நான் இறந்துவிட்டால் ஆண்டு வருவாய் ஏறத்தாழ கழித்தல் 30%. 10 ஆண்டு இருந்தால் கழித்தல் 6%. 15 ஆண்டு, அதாவது 80 வயது வரை இருந்தால் 1%. 85 வயது வரை என்றால் 4%, 90 வரை என்றால் 5.4%, 95 வரை என்றால் 6.2%. நூறு வயது கண்டால்கூட 6.6% தான். சாகாவரம் பெற்றவருக்கு எவ்வளவு என்று விளையாட்டாகப் போட்டுப் பார்த்தேன்: மாதம் 0.6%, கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 7.44%. அதற்கு மேல் இந்தத் திட்டம் எவருக்கும் தர முடியாது. முதல் 15 ஆண்டுகளில் செங்குத்தாக ஏறும் இந்தக் கோடு 90 வயதுக்குப் பின் ஏறக்குறையப் படுத்துவிடுகிறது. இழப்பின் பக்கம் பள்ளம் ஆழமாகவும், ஆதாயத்தின் பக்கம் கூரை தாழ்வாகவும் இருப்பதைப் பார்த்து, இதை முதலீடாக வாங்குவது அறிவீனம் என்றே முதலில் முடிவு கட்டினேன்.

அந்த முடிவைச் சற்றுத் திருத்தியவர் காப்பீட்டுக் கணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற என் நண்பர். அவர் அதே எண்களை வேறு விதமாகப் படிக்கச் சொன்னார். "85 வயதுக்கு 4% என்று வந்திருக்கிறது அல்லவா? இந்த 10 லட்சத்தை நீங்களே வைப்பில் போட்டு, மாதம் 6,000 எடுத்துக்கொண்டே வந்தால், அந்த வைப்பு 4% ஈட்டினால் 85 வயதில் சரியாகத் தீர்ந்துபோகும் என்பதுதான் அதற்குப் பொருள். 86-ஆவது வயதில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். அப்போதுதான் அந்த விகிதங்கள் ஒவ்வொன்றும், நானே என் பணத்தை நிர்வகித்தால் எட்ட வேண்டிய இலக்கு என்பது தெளிவாயிற்று. 95 வயது வரை தாக்குப்பிடிக்க என் வைப்பு 30 ஆண்டுகள் இடைவிடாமல் 6.2% ஈட்ட வேண்டும். முன்னதாக இறப்பவர்கள் விட்டுச் செல்லும் பணம் நெடுநாள் வாழ்பவர்களின் மாதத் தொகைக்குச் செல்வதால்தான், நிறுவனம் அந்த வேலையை என்னைவிடக் குறைந்த வருவாயில் செய்ய முடிகிறது. 5 ஆண்டில் இறப்பவரின் கழித்தல் 30% என்பது, வீடு தீப்பிடிக்காத ஆண்டில் கட்டிய தீக் காப்பீட்டுப் பிரீமியத்தைப் போன்றது.

அடுத்து, எந்த ஆயுளை எடுத்துக்கொள்வது என்பதிலும் ஒரு தவறு செய்தேன். செய்தித்தாள்களில் வரும் சராசரி ஆயுள் என்பது பிறக்கும் குழந்தைக்கு உரியது. சிறு வயதிலும் நடுவயதிலும் நேர்ந்த இறப்புகள் எல்லாம் அதில் சேர்ந்து அதைக் கீழே இழுக்கின்றன. 65-ஐக் கடந்துவிட்ட ஒருவருக்கு, அந்த வயதுக்கு உரிய எதிர்பார்ப்பு ஆயுளைத்தான் வாழ்நாள் அட்டவணையில் பார்க்க வேண்டும். அதை 65-உடன் கூட்டினால் வரும் வயது எப்போதும் அந்தச் சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். உடல்நலம் உள்ளவர்களே இத்தகைய திட்டங்களை அதிகம் வாங்குவதால், நிறுவனங்கள் தம் கணக்குக்கு இன்னும் நீண்ட ஆயுளைக் காட்டும் தனி அட்டவணைகளை வைத்திருக்கின்றன என்றும் நண்பர் சொன்னார். சராசரியைத் தாண்டி வாழ்பவர்கள் ஏராளம் என்பதால், ஒரே ஒரு வயதை வைத்து முடிவெடுக்காமல் 75, 85, 95 என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் அதே நிறுவனம் இன்னொரு வகையையும் முன்வைத்தது. மாதம் 3,800 மட்டும் வரும், ஆனால் நான் இறந்ததும் கட்டிய 10 லட்சமும் என் வாரிசுக்குத் திரும்பும். கேட்கும்போதே நெஞ்சுக்கு இதமாக இருந்தது. கணக்கிட்டால் மாதம் 0.38%, ஆண்டுக்கு 4.66%. நான் அடுத்த ஆண்டே இறந்தாலும் நூறு வயதில் இறந்தாலும் இந்த விகிதம் மாறுவதில்லை. ஆயுளைப் பொறுத்து மாறாத வருவாய் என்றால், நெடுநாள் வாழ்வதற்கான காப்பு அதில் ஏறக்குறைய இல்லை என்றுதான் பொருள். வாழ்நாள் முழுவதற்கும் வட்டியை நிலைநிறுத்திய ஒரு வைப்பு அது. இரண்டையும் ஒப்பிட்டால், அசல் திரும்பாத வகை 22 ஆண்டுகளில், அதாவது 87 வயதில் அதே 4.66%-ஐத் தொடுகிறது. அதற்கு முன் இறந்தால் இரண்டாவது வகை மேல், பின் என்றால் முதலாவது மேல். ஆனால் மாதச் செலவுக்கு 6,000 தேவைப்படும் ஒருவருக்கு 3,800 என்ன ஆறுதல் தரும்? என் மனைவிக்குத் தனியே ஓய்வூதியம் இருப்பதால், இருவர் ஆயுளுக்கும் வழங்கும் வகையை நான் ஆராயவில்லை. அதை வாங்குபவர்கள் இருவரில் பின்னர் இறப்பவரின் காலம் வரை மாதங்களை எண்ண வேண்டும்.

கையெழுத்திடும் முன் எழுத்துமூலம் கேட்ட கேள்விகளில் ஒன்று பலன் தந்தது. 10 லட்சத்துக்கு மேல் 15,000 கட்டணம் தனியே உண்டு என்பது அப்போதுதான் வெளிவந்தது. சூத்திரத்தில் 1015000 என்று மாற்றியபோது 85 வயதுக்குரிய வருவாய் 3.96%-இலிருந்து 3.78% ஆயிற்று. என் கையிலிருந்து போகும் முழுத் தொகையையும் போடாத கணக்கு, தாளில் அழகாக மட்டுமே இருக்கும்.

விலைவாசிதான் இந்தத் திட்டத்தில் என்னை இன்னமும் உறுத்துவது. ஆண்டுக்கு 4% வீதம் விலை ஏறினால், 20 ஆண்டு கழித்து வரும் 6,000-ஐக் கொண்டு இன்று ஏறக்குறைய 2,740-க்கு வாங்கும் பொருளைத்தான் வாங்க முடியும். 85 வயது வரை இருந்து நான் பெறும் 4% வருவாயை அந்த விலையேற்றமே விழுங்கிவிடும். நெடுநாள் வாழ்பவருக்குத்தான் இந்தத் திட்டம் பயன் என்றால், நெடுநாள் வாழும்போதுதான் மாதத் தொகையும் தேய்ந்து போகிறது.

ஆகவே முழுத் தொகையையும் கட்டவில்லை. என் ஓய்வூதியத்துக்கும் தவிர்க்க முடியாத மாதச் செலவுக்கும் இடையே 3,600 குறைவதாகக் கணக்கு காட்டியது. அதற்கு ஈடாக 6 லட்சத்தை மட்டும் அசல் திரும்பாத வகையில் கட்டினேன். எஞ்சிய 4 லட்சம் விலையேற்றத்தைச் சமாளிக்கவும் அவசரத்துக்கும் என் கையிலேயே இருக்கிறது. பத்திரம் வந்ததும் தொகை, முதல் தவணை நாள், வகை ஆகிய மூன்றையும் மதிப்பீட்டுத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் கழித்து முதல் 3,600 கணக்கில் ஏறியது. ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்றிதழ் தராவிட்டால் தொகையை நிறுத்தி வைப்பார்கள் என்று பத்திரத்தில் இருந்ததால், அந்த மாதத்தை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன்.